விலைவாசியை ஏற்றி வேலை வாங்க முடியுமா?

1942 பிப்ரவரி 12. ஜப்பானியப் படை சிங்கப்பூர்த் தீவுக்குள் புகுந்துவிட்டிருந்தது. 'எம்பயர் ஸ்டார்' என்ற சரக்குக் கப்பல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வழியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மேல்தளத்தில் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை நிறுத்தி எதிர்த்துச் சுட்டவர்களில் நியூசிலாந்துக்காரரான பொறியாளர் ஒருவரும் இருந்தார். பெயர் பில் ஃபிலிப்ஸ். கப்பல் ஜாவா போய்ச் சேர்ந்தது. அங்கே ஜப்பானியரிடம் சிக்கி, மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார்.

போர் முடிந்ததும் லண்டனில் பொருளியல் பக்கம் திரும்பினார். 1958-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, அடுத்த அரை நூற்றாண்டு நிதியமைச்சர்களும் மத்திய வங்கிகளும் வாதாடப்போகும் ஒரு வளைகோட்டை உலகுக்குக் கொடுத்தது. அதற்கு அவர் பெயரே நிலைத்தது. வேலையின்மை குறையும்போது சம்பளமும் விலைவாசியும் வேகமாக ஏறும். வேலையின்மை கூடும்போது அந்த வேகம் தணியும். இதுதான் அந்தக் கோடு சொல்வது.

கேட்டவுடன் ஒரு பேரம் போலத் தோன்றும். கொஞ்சம் விலையேற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் இன்னும் பலருக்கு வேலை கிடைக்கும் என்றால், எந்த அரசுதான் வேண்டாம் என்று சொல்லும்? அந்தப் பேரம் ஏன் முதலில் பலிக்கிறது, பிறகு ஏன் பலிக்காமல் போகிறது, பலிக்காமல் போவதே சில சமயம் எப்படி நன்மையாகிறது என்பதற்குச் சிங்கப்பூரின் கடந்த ஐம்பது ஆண்டுகள் நல்ல பாடம்.

கோடு எங்கிருந்து வந்தது

ஃபிலிப்ஸ் எடுத்துக்கொண்டது பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான புள்ளிவிவரம். கோட்டை அவர் பொருத்தியது 1913 வரையிலான ஆண்டுகளுக்குத்தான். பிறகு வந்த ஆண்டுகளும் அந்தக் கோட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார், பெரும்பாலும் ஒத்துப்போயின. வேலையின்மை ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடாக இருந்தால் சம்பளம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சம்பளம் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு ஏறும். உற்பத்தித்திறனும் அதே அளவு உயர்ந்தால் விலைவாசி அசையாது.

1960-ல் பால் சாமுவேல்சனும் ராபர்ட் சோலோவும் இதே கணக்கை அமெரிக்காவுக்குப் போட்டார்கள். வேலையின்மையை மூன்று விழுக்காட்டில் வைத்திருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு நான்கைந்து விழுக்காடு விலையேற்றத்தை ஏற்க வேண்டியிருக்கும் என்றார்கள். கோடு நகர்ந்துவிடலாம் என்ற எச்சரிக்கையும் அவர்கள் எழுத்தில் இருந்தது. படித்தவர்களில் பலர் கோட்டைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஃபிலிப்ஸ் கோட்டைப் பொருத்திய காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது பிரிட்டனின் பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்த காலம். ஒரு சில ஆண்டுகள் விலை ஏறும், ஒரு சில ஆண்டுகள் இறங்கும். நிலையாக ஏறிக்கொண்டே போனதில்லை. அடுத்த ஆண்டு விலைவாசி எப்படி இருக்கும் என்று ஒரு தொழிலாளியைக் கேட்டால், இப்போது இருப்பது போலத்தான் என்றிருப்பார். அந்த எதிர்பார்ப்பு மாறாமல் இருந்ததால் கோடும் இடம் மாறாமல் இருந்தது. எதிர்பார்ப்பு மாறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது அந்தப் புள்ளிவிவரத்தில் இல்லாத கேள்வி.

சம்பளத்தைச் சாப்பாட்டில் எண்ணினால்

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாழையிலைச் சாப்பாடு பத்து வெள்ளி. சமையலறை உதவியாளருக்கு மாதச் சம்பளம் 2,000 வெள்ளி. முதலாளியின் பார்வையில் அந்த ஆளின் சம்பளம் மாதம் 200 சாப்பாடு. அந்த விலைக்கு எத்தனை பேரை வைத்தால் கட்டுப்படியாகுமோ, அத்தனை பேரை வைத்திருக்கிறார்.

விலைவாசி இந்த ஆண்டு இரண்டு விழுக்காடு ஏறும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சம்பளமும் அதற்கேற்ப 2,040 வெள்ளி ஆகிறது. சாப்பாடு 10.20 வெள்ளிக்குப் போனால் சம்பளம் அதே 200 சாப்பாடுதான்; யாருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை.

ஆனால் நாட்டில் பணம் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகப் புழங்குகிறது. கடையில் கூட்டம் கூடுகிறது. சாப்பாடு 10.60 வெள்ளி ஆகிறது. மற்ற விலைகளும் அதே ஆறு விழுக்காடு ஏறுகின்றன. சம்பளம் 2,040 என்று ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. இப்போது அந்த உதவியாளர் முதலாளிக்கு 192 சாப்பாட்டுக்குக் கிடைக்கிறார். ஆள் மலிவாகிவிட்டதால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்கிறார். தெரு முழுக்க இப்படி நடந்தால் வேலையின்மை குறையும். ஃபிலிப்ஸ் கோட்டில் நாம் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறோம்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது? சம்பளம் பேசியபோது யாரும் நினைக்காத நான்கு விழுக்காட்டிலிருந்து வந்தது. விலையேற்றம் அந்த வேலையைத் தரவில்லை. எதிர்பாராத விலையேற்றம்தான் தந்தது.

அடுத்த ஆண்டு சம்பளம் பேசும் நேரம் வருகிறது. உதவியாளர் தேக்கா சந்தைக்குப் போய் வந்தவர். பை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போன ஆண்டு இழந்ததை ஈடுகட்ட 2,120 வெள்ளி வேண்டும். இந்த ஆண்டும் விலை ஆறு விழுக்காடு ஏறும் என்று நினைத்தால் அதற்கும் சேர்த்து 2,247 வெள்ளி கேட்பார். ஆள் பற்றாக்குறையான நேரம் என்பதால் முதலாளி கொடுப்பார். எதிர்பார்த்தபடியே சாப்பாடு 11.24 வெள்ளி ஆகும்போது சம்பளம் மறுபடியும் 200 சாப்பாடு. கூடுதலாகச் சேர்த்த ஆள் இனிக் கட்டுப்படியாகாது. அவர் போய்விடுவார், ஆறு விழுக்காடு விலையேற்றம் மட்டும் தங்கிவிடும்.

1967 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைமையுரையில் மில்டன் ஃபிரீட்மன் சொன்னதன் சாரம் இதுதான். எட்மண்ட் ஃபெல்ப்ஸ் தனியாக ஆராய்ந்து ஏறத்தாழ அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு பொருளாதாரத்துக்கும் அதன் சட்டங்கள், பயிற்சிமுறை, வேலை தேடும் வழிகள் இவற்றைப் பொறுத்து ஓர் இயல்பான வேலையின்மை உண்டு. பணத்தைத் தாராளமாக்கி அதற்குக் கீழே போகலாம். ஆனால் மக்கள் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளும்வரைதான் அங்கே இருக்க முடியும்.

இதை ஒரே வரியில் எழுதலாம்:

π = πᵉ − 2(u − 3)

π என்பது உண்மையான விலையேற்றம், πᵉ என்பது எதிர்பார்த்த விலையேற்றம், u என்பது வேலையின்மை. இயல்பான வேலையின்மை மூன்று விழுக்காடு என்றும், வேலையின்மை ஒரு புள்ளி விலகினால் விலையேற்றம் இரண்டு புள்ளி விலகும் என்றும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டிலும் அளந்த எண்கள் அல்ல இவை. வேலையின்மையை இரண்டு விழுக்காட்டில் பிடித்து வைத்தால், முதல் ஆண்டு எதிர்பார்ப்பு 2, நடப்பு 4. மக்கள் போன ஆண்டை வைத்து எதிர்பார்ப்பவர்கள் என்றால், இரண்டாம் ஆண்டு எதிர்பார்ப்பு 4, நடப்பு 6. மூன்றாம் ஆண்டு 8. ஒரே அளவு வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் கூடுதல் விலை. போதும் என்று வேலையின்மையை மூன்றுக்குத் திரும்பவிட்டால் விலையேற்றம் இரண்டுக்குத் திரும்பாது, எட்டிலேயே நிற்கும். அதை இறக்க வேண்டுமானால் மூன்று ஆண்டுகள் வேலையின்மையை நான்கில் வைத்திருக்க வேண்டும். அனுபவித்த மூன்று நல்ல ஆண்டுகளுக்கு மூன்று கெட்ட ஆண்டுகள்.

ஃபிரீட்மன் பேசியபோது அமெரிக்காவில் பழைய கோடு இன்னும் உயிரோடு இருந்தது. 1969-ல் வேலையின்மை மூன்றரை விழுக்காடு, விலையேற்றம் ஐந்தரை. 1975-ல் வேலையின்மை எட்டரை விழுக்காடு, விலையேற்றம் ஒன்பது. இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன. பழைய கோட்டில் அப்படி ஒரு புள்ளிக்கு இடமே இல்லை. எட்மண்ட் ஃபெல்ப்ஸுக்கு இந்த ஆய்வுக்காக 2006-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

மேலே உள்ள கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. மூன்று கெட்ட ஆண்டுகள் வேண்டியிருப்பது மக்கள் போன ஆண்டைப் பார்த்தே எதிர்பார்ப்பதால்தான். விலையேற்றம் இறங்கப்போகிறது என்று எல்லாரும் நம்பினால் πᵉ ஒரே ஆண்டில் இறங்கிவிடும். வேலையின்மை ஏறத் தேவையில்லை. ஏறும்போது பேரத்தைக் கெடுக்கும் அதே எதிர்பார்ப்பு, இறங்கும்போது செலவை மிச்சப்படுத்தும். சிங்கப்பூரின் 1974, 1975 ஆண்டுகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

நாற்பது வெள்ளியும் ஆறு விழுக்காடும்

1972 பிப்ரவரியில் தேசியச் சம்பள மன்றம் அமைக்கப்பட்டது. முதலாளிகள், தொழிற்சங்கம், அரசு மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அந்த ஆண்டு சம்பளம் எவ்வளவு ஏறலாம் என்று பரிந்துரைக்கும் அமைப்பு. தலைவர், பொருளியல் பேராசிரியர் லிம் சோங் யா; 2001 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பரிந்துரைக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் அதையொட்டியே சம்பளம் பேசின.

மன்றத்துக்கு வயது இரண்டு ஆவதற்குள் சோதனை வந்தது. அதுவரை சிங்கப்பூரில் விலைவாசி மிகவும் சாதுவானது. 1972-ல்கூட ஏற்றம் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான். 1973-ல் உலகச் சந்தையில் உணவுப்பொருள் விலை எகிறியது. அக்டோபரில் தொடங்கிய மத்திய கிழக்குப் போரோடு எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. அரிசியும் எண்ணெயும் கடல்வழி வரும் ஊரில் தப்பிக்க வழியில்லை. விலையேற்றம் 1973-ல் இருபது விழுக்காட்டை ஒட்டியது, 1974-ல் இருபத்திரண்டு.

சம்பளம் அப்படியே இருக்கட்டும் என்றால் குறைந்த வருமானக்காரர் தாங்கமாட்டார். விலையோடு தானாகவே சம்பளம் ஏறும்படி கட்டிவிட்டால் அடுத்த ஆண்டின் விலையேற்றத்தை இன்றே எழுதிக்கொடுத்ததாகும். மன்றம் 1974-க்குப் பரிந்துரைத்தது இது: எல்லாருக்கும் நாற்பது வெள்ளி, அதற்கு மேல் சம்பளத்தில் ஆறு விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் நுட்பம் தெரியும். மாதம் 200 வெள்ளி வாங்கியவருக்கு நாற்பதும் பன்னிரண்டும் சேர்ந்து 52 வெள்ளி; இருபத்தாறு விழுக்காடு ஏற்றம். விலையேற்றத்தை அது ஈடுகட்டிவிடும். மாதம் 1,000 வெள்ளி வாங்கியவருக்கு நாற்பதும் அறுபதும் சேர்ந்து 100 வெள்ளி, பத்து விழுக்காடுதான். அவருடைய உண்மை வருமானம் குறைந்தது. அதாவது, வெளியிலிருந்து வந்த அடியை யார் எவ்வளவு தாங்குவது என்பதை மூன்று தரப்பும் பேசிப் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஏற்றம் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் என்பதும் தெளிவாக இருந்தது. அடுத்த ஆண்டு மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். 1975-க்கான பரிந்துரை ஆறு விழுக்காட்டோடு நின்றது.

1975-ல் சிங்கப்பூரில் விலையேற்றம் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இருபத்திரண்டிலிருந்து மூன்றுக்கு, ஒரே ஆண்டில். பொருளாதார வளர்ச்சி வெகுவாகத் தணிந்தது உண்மை. வேலையின்மையோ நான்கிலிருந்து நான்கரை விழுக்காட்டை ஒட்டித்தான் போனது. போன ஆண்டைப் பார்த்தே எதிர்பார்க்கும் மக்களைக் கொண்ட நம் கணக்கின்படி, விலையேற்றத்தை இருபது புள்ளி இறக்க வேலையின்மை ஓர் ஆண்டு பத்துப் புள்ளி ஏறியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் மன்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் ஏறுவதை நிறுத்தியதே இறக்கத்தின் பெரும்பகுதிக்குக் காரணம். 1973 ஜூனில் வெள்ளியின் மதிப்பைச் சந்தையில் மிதக்கவிட்டதும், கடன் கொடுப்பதை இறுக்கியதும் உதவின. ஆனால் அதே எண்ணெய் அடியை வாங்கிய பிரிட்டனில் என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே சில்லறை விலைக் குறியீடு ஏழு விழுக்காட்டைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் வாரம் 40 பென்ஸ் சம்பளத்தில் தானாகக் கூடும் ஏற்பாடு அப்போது நடைமுறையில் இருந்தது. விலை ஏறியது, சம்பளம் ஏறியது, அதனால் விலை மீண்டும் ஏறியது. 1974-ல் பதினாறு விழுக்காடாக இருந்த விலையேற்றம், எண்ணெய் விலை ஏறி முடிந்த பிறகு, 1975-ல் இருபத்து நான்கு ஆனது. 1976-லும் பதினாறு. அடி ஒன்றுதான். பிரிட்டனில் அது எதிர்பார்ப்புக்குள் புகுந்துவிட்டது, சிங்கப்பூரில் புகவில்லை.

மறைத்துக் குறைப்பதும் சொல்லிக் குறைப்பதும்

நம் சாப்பாட்டுக் கடைக் கணக்கில் வேலை பெருகியதற்கு ஒரே காரணம், உதவியாளரின் உண்மைச் சம்பளம் அவருக்குத் தெரியாமல் குறைந்தது. தெரிந்தே, சம்மதத்தோடு குறைத்தால் என்ன? 1986-ல் சிங்கப்பூர் அதையும் செய்து பார்த்தது.

1979 முதல் சில ஆண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே வேகமாக ஏற்றும் கொள்கை இருந்தது. மலிவான உழைப்பை நம்பிய தொழில்கள் போய், திறன்மிகு தொழில்கள் வரட்டும் என்பது நோக்கம். கொள்கை முடிந்த பிறகும் சம்பளத்தின் வேகம் நிற்கவில்லை. 1985-ல் பொருளாதாரம் சுருங்கியது; மறு ஆண்டு வேலையின்மை ஆறரை விழுக்காட்டைத் தொட்டது. வெள்ளியின் மதிப்பைத் தடாலடியாக வெட்டி ஏற்றுமதியை மலிவாக்கலாம் என்று தோன்றும் இடம் இது. ஆனால் இங்கே வாங்கும் பொருளில் பெரும்பங்கு இறக்குமதி. வெள்ளி மதிப்பு விழுந்தால் அரிசி விலை ஏறும். அரிசி விலை ஏறினால் சம்பளம் கேட்பார்கள். மலிவான உழைப்பு என்ற லாபம் ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும். இறக்குமதியை நம்பிய சின்ன ஊரில் எதிர்பார்ப்பு சீக்கிரம் திருந்தும் என்பதால் ஏமாற்றிப் பெறும் வேலையின் ஆயுளும் குறைவு.

எடுத்த வழி வேறு. மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு, 1986 ஏப்ரல் முதல் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நூறு வெள்ளி சம்பளத்துக்கு முதலாளிக்கு ஆன செலவு 125 வெள்ளியிலிருந்து 110 ஆனது. பன்னிரண்டு விழுக்காடு இறக்கம். கூடவே சம்பளக் கட்டுப்பாடும் வந்தது. ஊழியர் கைக்கு வரும் பணம் குறையவில்லை; அவர்களுடைய சேமிப்புதான் குறைந்தது. யாருக்கு என்ன இழப்பு என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. 1987-ல் வளர்ச்சி வேகம் பிடித்தது, வேலையின்மை இறங்கத் தொடங்கியது. எதிர்பாராத பணவீக்கம் திருட்டுத்தனமாகச் செய்யும் வேலையைச் சட்டம் பட்டப்பகலில் செய்தது. ஊழியர்களுக்கு அது கசப்பான மருந்து என்பதையும், தொழிற்சங்கத் தலைமையும் அரசும் ஒரே பக்கம் நிற்கும் நாட்டில்தான் அது சாத்தியம் என்பதையும் மறந்துவிட முடியாது.

தேக்காவில் வெங்காயம், ஷென்டன் வேயில் வெள்ளி

1981 முதல் சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டி விகிதத்தைக் கொண்டு விலைவாசியை ஆள்வதில்லை. வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயக் கூடைக்கு எதிராக வெள்ளியின் மதிப்பை ஒரு பட்டைக்குள் நகர்த்துகிறது. பட்டையின் சரிவு கொஞ்சம் மேல்நோக்கி இருந்தால் வெள்ளி மெல்ல மெல்ல வலுப்பெறும்; இறக்குமதி விலை அந்த அளவுக்குத் தணியும். பொருளாதாரம் சூடேறினால் சரிவைச் செங்குத்தாக்குவார்கள், படுத்தால் தட்டையாக்குவார்கள். தங்குமிடச் செலவையும் தனியார் வாகனச் செலவையும் கழித்துக் கணக்கிடும் மூலாதாரப் பணவீக்கம் சராசரியாக இரண்டு விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் விலைவாசி நிலையாக இருக்கிறது என்பது ஆணையத்தின் கணக்கு. நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அப்படியே நடந்து வந்ததால் சம்பளம் பேசுகிறவர்கள் மனதில் இந்த இரண்டு பதிந்துபோயிருக்கிறது.

2022-ல் அதற்குச் சோதனை வந்தது. உக்ரேன் போர், கொவிட் கால விநியோகத் தடைகள், ஜூனில் மலேசியா நிறுத்திய கோழி ஏற்றுமதி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 2023 ஜனவரியில் பொருள் சேவை வரி ஏழிலிருந்து எட்டானது. அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்குச் சிறப்பு அனுமதியாக 50,000 டன் வந்தது. டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியபோது சிராங்கூன் சாலைக் கடைகளில் வெங்காயம்தான் பேச்சு.

மூலாதாரப் பணவீக்கம் 2023 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 5.5 விழுக்காட்டில் உச்சம் தொட்டது. அதற்கு முன்பே, 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையில், நாணய ஆணையம் ஐந்து முறை கொள்கையை இறுக்கியிருந்தது. அவற்றில் இரண்டு வழக்கமான அட்டவணைக்கு வெளியே. 2025 தொடக்கத்தில் மூலாதாரப் பணவீக்கம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது. அந்த ஜனவரியில் ஆணையம் பிடியைத் தளர்த்தியது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் ஆண்டுச் சராசரி வேலையின்மை இரண்டு விழுக்காட்டை ஒட்டியே நின்றது.

சம்பளங்கள் சும்மா இருக்கவில்லை. 2022-ல் சராசரிச் சம்பளம் ஆறரை விழுக்காடு ஏறியது. விலையைக் கழித்தால் உண்மை ஏற்றம் 0.4 விழுக்காடுதான். 2023-லும் கழித்துப் பார்த்தால் அதே 0.4. நம் உதவியாளரின் கதையில் 2,120 வெள்ளிக்கும் 2,247 வெள்ளிக்கும் இருந்த வித்தியாசம் இங்கேதான் முக்கியமாகிறது. 2,120 என்பது நடந்துவிட்ட விலையேற்றத்துக்கு ஈடு. அதைக் கொடுத்தால் விலையேற்றம் தானாக நீடிக்காது. 2,247 என்பது வரப்போகும் விலையேற்றத்துக்கும் சேர்த்துக் கேட்பது. எல்லாரும் அதைக் கேட்டால், கேட்டதே அந்த விலையேற்றத்தை உண்டாக்கும். சிங்கப்பூரின் சம்பளங்கள் முதல் வகையில் விலையைத் துரத்திப் பிடித்தன, இரண்டாம் வகையில் முந்திக்கொண்டு ஓடவில்லை. வெங்காயம் ஏறினால் இறங்கும் என்ற நம்பிக்கை கலையாமல் இருந்தது.

அளவுகோலில் விழாத ஆட்கள்

இரண்டு விழுக்காடு வேலையின்மை என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழ்நாட்டு, ஆந்திர, வங்கதேச ஊழியர்களில் யாருக்காவது வேலை போனால், அவர் சிங்கப்பூரின் வேலையின்மைக் கணக்கில் நெடுநாள் இருக்கமாட்டார். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். 2020-ல் கொவிட் அடித்தபோது, இல்லப் பணிப்பெண்களைச் சேர்க்காமலே, வெளிநாட்டவர் வேலைகள் ஏறத்தாழ 1,80,000 குறைந்தன. உள்நாட்டவர் வேலை எண்ணிக்கையோ சற்றுக் கூடியது. ஆண்டுச் சராசரி வேலையின்மை மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை.

ஆகவே சிங்கப்பூரில் ஃபிலிப்ஸ் கோடு ஏறத்தாழச் செங்குத்தாக, விலை எப்படி ஆடினாலும் வேலையின்மை அசையாததாகத் தெரிவதில் ஒரு பகுதி எதிர்பார்ப்பின் வேலை. இன்னொரு பகுதி, அதிர்ச்சியின் பாரம் பரமக்குடியிலும் புதுக்கோட்டையிலும் போய் இறங்குவதால் வருவது. இதைப் பிரித்து அளப்பது எளிதல்ல. சிங்கப்பூரின் வெற்றியை வேறு நாட்டுக்கு மருந்தாக எழுதிக்கொடுக்கும் முன் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. எதிர்பார்ப்பு எப்போதும் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை. விலைவாசி ஒன்றரை, இரண்டு விழுக்காட்டுக்குள் ஆடும்போது பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்போது ஃபிலிப்ஸின் பழைய பேரம் பல ஆண்டுகள் நீடிப்பதுபோல் தோன்றலாம். ஐந்து, ஆறு என்று போகும்போது ஒவ்வொரு சந்தைப் பையிலும் அது தெரிகிறது, எதிர்பார்ப்பு விழித்துக்கொள்கிறது. பேரம் நன்றாக நடக்கிறது என்று நம்பி அதை மிகையாகப் பயன்படுத்தும்போதுதான் அது முறிகிறது.

அடுத்த முறை விலைகள் எகிறும்போது, அது வந்து போகும் அடியா, தங்கப்போகும் பணவீக்கமா என்று அறிய வெங்காய விலையைப் பார்த்துப் பயனில்லை. இறக்குமதி விலை இறங்கிய பிறகும் முடிவெட்டும் கட்டணமும் துணைப்பாட வகுப்புக் கட்டணமும் மருந்தகக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அவற்றின் பெரும்பகுதி சம்பளம். தேசியச் சம்பள மன்றத்தின் பரிந்துரை வரும்போது, அந்த எண் போன ஆண்டின் இழப்புக்கு ஈடாக இருக்கிறதா, வரும் ஆண்டின் பயத்துக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது என்றால் விலையேற்றம் வேலைகளைப் பலி வாங்காமலே தணியும். இரண்டாவது என்றால் அதை இறக்க யாராவது வேலை இழந்தாக வேண்டும்.